14 மாதக் குழந்தைக்குக் காக்ளியர் இம்ப்ளாண்ட் வேண்டுமா?

சாட்ஸ்வர்த் தாய்: என் மகனுக்கு 14 மாதம். இரு காதிலும் 95 டெசிபல் இழப்பு. 3 மாதமாக ஹியரிங் எய்ட் போட்டிருக்கிறான். இம்ப்ளாண்ட் செய்யச் சொல்கிறார்கள்; காது கேளாத என் அண்ணன் வேண்டாம் என்கிறார். என்ன செய்வது?

ஓய்வுபெற்ற ஆடியாலஜிஸ்ட், டர்பன்: 95 என்ற எண்ணைவிட, கருவியோடு அவனுக்கு என்ன கேட்கிறது என்பதே முக்கியம், அம்மா. ஹியரிங் எய்ட் ஒலியைப் பெருக்கி மட்டுமே தரும். அதை நரம்புக்குரிய செய்தியாக மாற்ற உட்காதில் மயிர்ச்செல்கள் மிஞ்சியிருக்க வேண்டும். அறுவை செய்து உட்காதில் வைக்கும் இம்ப்ளாண்ட் அவற்றைத் தாண்டி நரம்பை நேரடியாக மின்சாரத்தால் தூண்டுகிறது. சோதனை அறையில், கருவியோடு, 4000 ஹெர்ட்ஸ் ஒலியை 60, 70 டெசிபல் வரை கூட்டியும் அவன் திரும்பவில்லையென்றால், சாதாரணப் பேச்சில் வரும் 'ஸ', 'ஷ' அவனை எட்டவில்லை. 'அம்மா' என்றால் திரும்பக்கூடும், ஏனெனில் அவை தாழ்ந்த சுருதி ஒலிகள். அதைப் பார்த்து 'நன்றாகக் கேட்கிறது' என்று நம்பிவிடும் வீடுகளை நிறையக் கண்டிருக்கிறேன். ஆனால் முதலில் ஹியரிங் எய்டைக் காதில் பொருத்தும் காது மோல்டைப் பாருங்கள். குழந்தை வளர வளர அது தளர்ந்து கருவி கீச்சிடும்; வீட்டார் ஒலியைக் குறைத்துவிடுவார்கள். அப்படி நடந்திருந்தால் இந்த 3 மாதச் சோதனை சோதனையே அல்ல.

பீனிக்ஸ் தாத்தா: எனக்கு வயது 71. ஹியரிங் எய்ட் போட்டும் கல்யாண வீட்டுக் கூட்டத்தில் ஒன்றும் புரிவதில்லை. எனக்கும் இம்ப்ளாண்ட் வைப்பார்களா?

ஓய்வுபெற்ற ஆடியாலஜிஸ்ட், டர்பன்: வயது தடையில்லை, ஐயா. ஆனால் அமைதியான அறையில் பேச்சு புரிகிறதென்றால் அநேகமாக வேண்டியிராது. தனி இழையில் கேளுங்கள்.

சைகைமொழிக்காரன்: நான் பிறவியிலேயே காது கேளாதவன். இம்ப்ளாண்டின் வெளிக்கருவியைக் கழற்றினால் அந்தக் குழந்தையும் என்னைப் போலத்தான். அறுவையில் மிச்சமிருக்கும் கேட்கும் திறனும் அழிந்துவிடும். 18 வயதில் அவனே முடிவெடுக்கட்டும். சைகை மொழி 2023இல் தென்னாப்பிரிக்காவின் 12ஆவது ஆட்சிமொழியாயிற்று. அதை விட்டுவிட்டுப் பிள்ளையின் மண்டையைத் துளைப்பானேன்?

ஓய்வுபெற்ற ஆடியாலஜிஸ்ட், டர்பன்: மிச்சமிருக்கும் கேட்கும் திறன் பெரும்பாலும் குறையும், எப்போதும் முழுதாக அழியாது, 95இல் இழப்பதற்கு மிச்சமும் சிறிதே. ஆனால் பிறவிக் கேளாமையில் 18 வயதுவரை காத்திருந்தால், ஒலியைப் பேச்சாகப் பிரித்தறியும் பழக்கத்தை மூளை பெற்றிருக்காது. பிறகு வைத்தாலும் பேச்சு புரிவது அரிது. இன்னொன்று, ஸ்கேனில் செவி நரம்பே இல்லையென்றால் இம்ப்ளாண்டால் பயனில்லை. சைகையைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. அறுவைக்காகக் காத்திருக்கும் மாதங்களில் மொழியே இல்லாமல் குழந்தையை வைத்திருப்பதுதான் எங்கள் துறை செய்த பெரிய பிழை. 1991இல் குழந்தைகளுக்கு இம்ப்ளாண்ட் வைப்பதை எதிர்த்த அமெரிக்கத் தேசியக் காதுகேளாதோர் சங்கமே 2000இல் நிலையைத் தளர்த்தியது.

சைகைமொழிக்காரன்: அவர்கள் தளர்த்தினால் நானும் தளர்த்த வேண்டுமா? இம்ப்ளாண்ட் வைத்த பிள்ளையைச் சைகைப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள் என்று என் தங்கையிடம் சொன்னவர்களும் உங்கள் துறையினரே.

முன்பே செய்த தகப்பன்: எங்கள் மகள் இம்ப்ளாண்டுக்கு முதலில் சுவிட்ச் போட்ட நாளில் அழுதாள், பேச்சு வர ஒன்றரை வருடம் ஆயிற்று. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிக்கருவியை மாற்ற வேண்டும், அந்தச் செலவை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சாட்ஸ்வர்த் தாய்: மோல்ட் இரண்டு வாரமாகக் கீச்சிடுகிறது, நான்தான் ஒலியைக் குறைத்தேன். மாற்றிய பின் மறுபடி சோதிக்கச் சொல்கிறேன். அண்ணன் ஞாயிறுதோறும் வந்து சைகை கற்றுத்தரச் சம்மதித்தார். அறுவைக்கு மட்டும் இன்னும் சம்மதிக்கவில்லை.