ஜெர்மனில் 'எஸ்' செயப்படுபொருளாக ஏன் முதலிடத்தில் வராது?

பி1 தேர்வுக்குப் படிக்கிறேன். முதன்மை வாக்கியத்தில் வினை இரண்டாமிடம், சரி. முதலிடத்தில்தான் சிக்கல்.

'கெஸ்டர்ன் ஹாபெ இஷ் டாஸ் பூஹ் கெலேசன்' என்றால் நேற்று நடந்ததை இயல்பாகச் சொல்வதுபோல் இருக்கிறது. 'டாஸ் பூஹ்' என்று புத்தகத்தை முன்னால் வைத்தால், அதைப் படித்துவிட்டேன், மற்றது வேறு கதை என்ற தொனி வருகிறது.

ஆனால் அந்தப் புத்தகத்தையே 'எஸ்' என்று சுட்டி 'எஸ் ஹாபெ இஷ் கெலேசன்' என்றால் தவறாம். 'டாஸ் ஹாபெ இஷ் கெலேசன்' சரி. ஆளைக் குறிக்கும் 'ஈன் ஹாபெ இஷ் கெசேயன்' கூடச் சரி.

இலக்கணப் புத்தகங்களில் தேடிவிட்டேன், ஆசிரியரிடமும் கேட்டேன். 'எஸ்' அழுத்தம் தாங்காது என்பதே பதில். அப்படியானால் 'எஸ் லீக்ட் ஆவுஃப் டேம் டிஷ்' என்று எழுவாயாக மட்டும் எப்படி முன்னால் நிற்கிறது? அழுத்தமில்லாத எழுவாயை ஏற்கும் முதலிடம், செயப்படுபொருளிடம் மட்டும் ஏன் அழுத்தம் கேட்கிறது?