அனாபிலிஸ் கொசுக்களில் ‘உடன்பிறப்பு’ இனங்கள்: கலைச்சொல் வேண்டுகிறேன்

அருள்மொழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மலேரியாக் களப்பணியாளர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். அனாபிலிஸ் குலிசிஃபேசிஸ் என்ற கொசுவைப் பற்றிய இயலில், அது ஒரே சிற்றினமன்று, ஏ, பி, சி, டி, இ என ஐந்து சிற்றினங்களின் தொகுதி என்றும், அவற்றை உருவத்தால் வேறுபடுத்த இயலாது என்றும் வருகிறது. எர்ன்ஸ்ட் மேயர் 1942இல் இத்தகையவற்றுக்கு வழங்கிய பெயரை அப்படியே பெயர்த்தால் ‘உடன்பிறப்புச் சிற்றினங்கள்’ என்றாகிறது. இது போதுமா, அல்லது வேறு சொல் உண்டா என்று அறிய விழைகிறேன். ஐந்தாம் எழுத்தை நெடிலில் எழுதினால் கொசு ‘ஈ’யாகிவிடும் என்பதால் குறிலில் எழுதியிருக்கிறேன்.

தமிழ்ச்செல்வி எழுதியது:

அன்புள்ள அருள்மொழி, ‘சிற்றினம்’ என்ற சொல்லே இங்குத் தேவையில்லை என்பது என் கருத்து. உருவம் ஒன்று, பெயர் ஒன்று, பழக்கம் மட்டும் வேறு என்றால் அவற்றை ‘வகை’ என்றோ ‘திரிபு’ என்றோ சொல்வதே முறை. மாடு மிகுந்த ஊரில் வாழும் கொசு மாட்டைக் கடித்துப் பழகியிருக்கும். மாடில்லாத ஊரில் மனிதரைக் கடிக்கும். மாட்டைக் கடிப்பது மலேரியாவைப் பரப்பாது, ஏனெனில் மனித மலேரியா ஒட்டுண்ணி மாட்டில் வளர்வதில்லை. ‘குலிசிஃபேசிஸ் வாழிடத் திரிபுகள்’ என்று எழுதினால் பொருள் முற்றுப்பெறும்.

பூபதி எழுதியது:

ஐயா, அம்மா, வணக்கம். நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் படலம் பார்ப்பவன். இதில் ஒரு தெளிவு வேண்டும். ஏ, பி என்று சொல்வது வைவாக்ஸ், ஃபால்சிபாரம் என்ற பிரிவைத்தானே? எங்கள் பதிவேட்டில் வைவாக்ஸ்தான் மிகுதியாக வருகிறது. அப்படியானால் எங்கள் பகுதியில் இருப்பது ஏ கொசு என்று கொள்ளலாமா?

கணேசமூர்த்தி எழுதியது:

பூபதி அவர்களே, நீங்கள் சொல்பவை ஒட்டுண்ணியின் சிற்றினங்கள். இங்குப் பேசப்படுவது கொசுவின் சிற்றினங்கள். கொசுவின் எழுத்துக்கும் ஒட்டுண்ணியின் பெயருக்கும் நேர்த்தொடர்பு இல்லை. நோயாளியின் படலத்தைக் கொண்டு எந்தக் கொசு கடித்தது என்று கூற முடியாது.

தமிழ்ச்செல்வி அம்மையார் சொன்னதில் பாதி மிகச் சரி. மாட்டைக் கடிப்பதால் கடத்தும் திறன் குறையும் என்பது உண்மை. ஒரு கணக்கைப் போட்டால் எவ்வளவு குறையும் என்பதும் விளங்கும். நோய் பரவ வேண்டுமானால் ஒரே கொசு மனிதரை இருமுறை கடிக்க வேண்டும். முதல் கடியில் ஒட்டுண்ணியைப் பெற்று, அது உடலுக்குள் முதிரும் வரை ஏறத்தாழ இரண்டு வாரம் உயிரோடிருந்து, மறுபடியும் கடிக்க வேண்டும். ஆகவே மனிதரைக் கடிக்கும் விகிதம் கணக்கில் இருமுறை பெருக்கப்படுகிறது. ஒன்று நூற்றில் இருபது முறையும், மற்றொன்று நூற்றில் இரண்டு முறையும் மனிதரைக் கடிப்பதாக எடுத்துக்கொள்ளுங்கள். ஏனைய யாவும் சமமாயின், பழக்கத்தில் பத்து மடங்கு வேறுபாடு பரப்புதிறனில் நூறு மடங்காகிவிடும். இவை விளக்கத்துக்காக நான் கொண்ட எண்கள். களத்தில் அளந்தவை அல்ல.

ஆனால் ‘வாழிடத் திரிபு’ என்பது பொருந்தாது. ஏ, பி இரண்டும் ஒரே ஊரில், ஒரே மாட்டுக்கொட்டகைச் சுவரில், ஒரே விடியற்காலையில் பிடிபடுகின்றன. பக்கத்தில் இருப்பது ஒரே மாடுதான். எனவே பழக்கத்தை ஊர் தீர்மானிக்கவில்லை.

அவை தனிச் சிற்றினங்கள் என்று எப்படித் தெரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் கலைச்சொல் அதைப் பொறுத்தே அமையும். இரத்தம் குடித்த பெண்கொசுவை, முட்டை பாதி முதிரும் வரை வைத்திருந்து, சூலகத்தை எடுத்துப் பதப்படுத்துவோம். அதன் செவிலிச் செல்களில் பாலிடீன் குரோமோசோம்கள் பட்டை பட்டையாகத் தெரியும். சிறு துணுக்கை வில்லையில் வைத்துச் சாயமேற்றி, மூடிக்கண்ணாடியின்மேல் மெல்லத் தட்டினால் அவை விரிந்து கிடக்கும். ஏ சிற்றினத்தின் எக்ஸ் குரோமோசோமில் ஒருவகையாக அமைந்த பட்டைகள், பி சிற்றினத்தில் இரண்டு இடங்களில் தலைகீழாகத் திரும்பியிருக்கும். கிரீன், மைல்ஸ் ஆகிய இருவரும் 1980இல் இதைக் கொண்டே ஏ, பி என்று பிரித்தனர்.

தலைகீழ்த் திருப்பம் இருப்பது மட்டும் சான்றன்று. ஒரே சிற்றினத்துக்குள்ளும் அது வரும். சான்று வேறு இடத்தில் இருக்கிறது. நேர் அமைப்பு ஒன்றும் திரும்பிய அமைப்பு ஒன்றும் ஒரே பெண்கொசுவில் சேர்ந்தால், இரண்டும் இணையும்போது குரோமோசோமில் ஒரு கண்ணி விழும். அதைத் தவறவிட முடியாது. இரு அமைப்பும் சரிபாதியாக உள்ள நூறு பெண்கொசுக்களைப் பார்த்தால், தடையின்றிக் கூடுபவையாயின் ஐம்பதில் கண்ணி இருக்க வேண்டும். ஏ, பி சேர்ந்து வாழும் ஊர்களில் அந்தக் கண்ணிகள் காணப்படவில்லை. அவை ஒன்றோடொன்று கூடுவதில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று களத்தில் கிடைப்பது அரிது.

உருவம் ஏன் மாறவில்லை என்ற கேள்விக்கு என் விடை இது: இவை பிரிந்து நெடுங்காலம் ஆகவில்லை, அன்றியும் கொசு தன் இணையைக் கண்ணால் பார்த்துத் தேர்வதில்லை. அந்தியில் திரளும் ஆண்கூட்டத்தின் இடம், நேரம், சிறகொலி இவற்றால்தான் பெரும்பாலும் தேர்வு நடக்கிறது. சிறகுப் புள்ளியை மாற்றுமாறு எந்த நெருக்கடியும் இல்லை. திரும்பிய பகுதியில் மரபணுக்கள் கலப்பது தடைப்படுவதால், அங்குள்ள மரபணுத் தொகுதி சிதையாமல் தலைமுறைதோறும் செல்லும். கடிக்கும் பழக்கத்தை அவற்றுள் எந்த மரபணு ஆள்கிறது என்பது குலிசிஃபேசிஸில் இன்னும் தெளிவாகவில்லை.

நிரஞ்சன் எழுதியது:

ஐயா, நான் மன்னாரைச் சேர்ந்தவன். நாங்கள் நுளம்பு என்போம், நிறமூர்த்தம் என்போம், கடத்தியைக் காவி என்போம், அது நிற்க. 1990களில் வன்னியில் மலேரியாவால் வருந்தியவர்களுள் நானும் ஒருவன். பிற்காலத்தில் படித்தபோது, இலங்கையில் இருப்பது பி இனம் மட்டுமே என்றும், இந்தியாவில் பி இனம் மாட்டையே நாடுவதால் காவியே அன்று என்றும் இரண்டையும் ஒரே நூலில் கண்டேன். 1934, 35ஆம் ஆண்டுகளின் பெருங்கொள்ளைநோயில், வறட்சியால் ஆறுகள் குட்டைகளாகி, அவற்றில் பெருகிய குலிசிஃபேசிஸ்தானே ஏறத்தாழ எண்பதாயிரம் உயிர்களைக் கொண்டுபோனது? மாட்டை மட்டும் நாடும் நுளம்பு அதை எப்படிச் செய்தது?

கணேசமூர்த்தி எழுதியது:

நிரஞ்சன், இத்துறையில் பலரையும் நெடுநாள் குழப்பிய கேள்வி இது. விடை பாக் நீரிணையின் இக்கரையில், இராமேசுவரத்தில் கிடைத்தது. அத்தீவில் மலேரியா விடாமல் இருந்தது. பிடிபட்ட கொசுக்களின் பாலிடீன் குரோமோசோம்களோ பி என்றே காட்டின. அங்கே ஆண்களின் ஒய் குரோமோசோமைப் பார்த்தார்கள். சிலவற்றில் அதன் கைகள் சேரும் இடுக்கு ஓரத்தில் இருந்து, ஒரு கை மட்டுமே தெரிந்தது. வேறு சிலவற்றில் இடுக்கு உள்தள்ளி அமைந்து, நீளம் வேறுபட்ட இரு கைகள் தெரிந்தன. முன்னது பி, பின்னது இ என 1999இல் பெயர் பெற்றது. பாலிடீன் அமைப்பில் இரண்டும் ஒன்றே. மனிதரை நாடி, வீட்டுக்குள் தங்கி, நோயைக் கடத்துவது இ. அடுத்த ஆண்டே இலங்கையிலும் இ இருப்பது தெரியவந்தது. நீங்கள் நூலில் கண்ட ‘பி’ உண்மையில் இரண்டின் கலவை.

இதில் உள்ள இடர்ப்பாட்டையும் கவனியுங்கள். கடிப்பது பெண், ஒய் இருப்பது ஆணில். ஆகவே பிடித்த பெண்கொசுவைத் தனியே முட்டையிடச் செய்து, புழு நான்காம் பருவம் எய்தியதும் ஆண்புழுக்களின் மூளைத் திசுவை எடுத்துப் பார்க்க வேண்டும். மகனின் ஒய் தாயிடமிருந்து வருவதன்று, தாய் கூடிய ஆணிடமிருந்து வருவது. தாயும் அதே சிற்றினத்தைத்தான் கூடியிருப்பாள் என்று கொண்டே தாய்க்குப் பெயரிடுகிறோம். முட்டையிடாமல் இறந்த கொசுவுக்கு இந்த முறையில் விடையே இல்லை. 28எஸ் ரைபோசோம் மரபணுவின் டி3 பகுதியைக் கொண்ட பிசிஆர் சோதனை இறந்த கொசுவிலும் செல்லும். ஆனால் அது ஏ, டி ஒருபுறம், பி, சி, இ மறுபுறம் என்றுதான் பிரிக்கும். உங்கள் கேள்விக்கு வேண்டிய பிரிவை அது தராது.

தமிழ்ச்செல்வி எழுதியது:

‘திரிபு’ என்பதைக் கைவிடுகிறேன். அப்படியானால் பி கொசு மனிதரைக் கடிக்கும்படி நேர்ந்தால், அதுவும் இ போல் நோயைக் கடத்தத்தானே செய்யும்? பழக்கம் ஒன்றே வேறுபாடு என்றுதான் இன்னும் தோன்றுகிறது.

கணேசமூர்த்தி எழுதியது:

முழுவதும் அப்படியன்று, அம்மா. பி சிற்றினத்திலிருந்து ஆய்வகத்தில் பிரித்து வளர்த்த ஒரு கால்வழியில், வைவாக்ஸ் கலந்த இரத்தத்தை ஊட்டியபோது, குடற்சுவரில் ஒட்டுண்ணியைச் சுற்றிக் கரிய மெலனின் உறை படிந்து அது மடிந்தது. எனவே வாயும் வேறு, வயிறும் வேறு. ஆனால் அது தேர்ந்தெடுத்து வளர்த்த கால்வழி. களத்தில் உள்ள பி கொசுக்கள் அனைத்தும் அப்படி என்று நான் சொல்லமாட்டேன்.

கலைச்சொல்லுக்கு வருவோம். ‘உடன்பிறப்பு’ என்பதில் எனக்கு ஒரு தயக்கம். களப்பணியாளர் அதை ஒரே தாயின் முட்டைகள் என்று கொள்வார்; மேலே சொன்ன ஒய் ஆய்விலோ உண்மையாகவே உடன்பிறந்த புழுக்களைக் கையாள்கிறோம். ஒரே பக்கத்தில் இரண்டும் வந்தால் குழப்பமே மிஞ்சும். ‘ஒத்துருச் சிற்றினங்கள்’ என்றும், தொகுதியை ‘ஒத்துருத் தொகுதி’ என்றும் சொல்லலாம்.

நிரஞ்சன் எழுதியது:

‘ஒத்துரு’ எனக்கு உடன்பாடு. ‘சிற்றினம்’ எங்களிடம் வழங்காது. ‘ஒத்துரு இனங்கள்’ என்றே எழுதுவோம். ஆனால் உருவம் ஒத்திருந்து உறவு தொலைவான இனங்களும் உண்டே? அவற்றிலிருந்து இவற்றை இச்சொல் எப்படிப் பிரிக்கும்?

அருள்மொழி எழுதியது:

நிரஞ்சனின் கேள்விக்கு என்னிடம் விடையில்லை. ‘உடன்பிறப்பு’ என்பதில் இருந்த உறவுப்பொருள் ‘ஒத்துரு’வில் விடுபடுவது மெய்தான். கையேட்டுக்கு இப்போதைக்கு ஐயாவின் சொல்லை எடுத்துக்கொள்கிறேன். இன்னொரு சிக்கல்: அட்டவணையில் ‘கடத்துமா’ என்ற கட்டத்தில் பி சிற்றினத்துக்கு என்ன எழுதுவது?

கணேசமூர்த்தி எழுதியது:

‘பெரும்பாலான இடங்களில் இல்லை’ என்று எழுதி, அடிக்குறிப்பில் எந்த முறையால் அடையாளம் கண்டது என்பதைக் கேட்டறியும்படி சொல்லுங்கள். பாலிடீன் மட்டும் பார்த்துப் பி என்று எழுதிய பழைய பதிவுகளை, இராமேசுவரத்திலும் இலங்கையிலும் ‘பி அல்லது இ’ என்றே படிக்க வேண்டும்.

பூபதி எழுதியது:

ஐயா, எங்கள் பூச்சியியல் உதவியாளர் விடியற்காலையில் பிடிக்கும் கொசுக்களைக் குலிசிஃபேசிஸ் என்று மட்டுமே எழுதுகிறார். அது க்யூலெக்ஸ் போலச் சுவரோடு ஒட்டி உட்காரும் என்று காட்டியிருக்கிறார். எழுத்தைக் கண்டறிய நாங்கள் எதை அனுப்ப வேண்டும், உயிருள்ள கொசுவையா, உலர்ந்ததையா?

கணேசமூர்த்தி எழுதியது:

இரத்தம் குடித்த பெண்கொசுக்களை உயிரோடு அனுப்பினால் இரண்டு சோதனையும் நடக்கும். உலர்ந்ததை அனுப்பினால் பிசிஆர் மட்டும்தான்.