சப்டைட்டிலோடு பக்கத்து மொழிப் படம்: நீங்கள் எதில் தொடங்கினீர்கள்?

ஒட்டன்சத்திரத்துக்காரி

எங்கள் வீட்டில் நடந்ததை முதலில் சொல்கிறேன், அப்புறம் உங்களுடையதைச் சொல்லுங்கள். அப்பாவுக்கு 68 வயது, இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிப்பார், ஆனால் திரையில் ஓடுகிற வேகத்துக்குப் படிக்க முடியாது. போன வருடம் எல்லோரும் புகழ்ந்த ஒரு மலையாளப் படத்தைப் போட்டேன். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசுகிற படம் அது. நான் கீழே எழுத்தைப் படித்து முடிப்பதற்குள் காட்சி போய்விட்டது, அப்பாவுக்கு எதுவுமே பிடிபடவில்லை, இருபது நிமிடத்தில் எழுந்து போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ போட்டேன். மம்மூட்டி நடித்தது, லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கியது. வேளாங்கண்ணிக்குப் போய்விட்டு ஒரு வேனில் ஊர் திரும்புகிற மலையாளிக் கூட்டம், மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் தூங்குகிறார்கள். ஜேம்ஸ் மட்டும் விழித்து வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, சோளக்காட்டுக்குள் நடந்து ஒரு தமிழ்க் கிராமத்துக்குப் போகிறார். ஒரு வீட்டுக் கொடியில் கிடந்த லுங்கியை எடுத்துக் கட்டிக்கொள்கிறார். மாட்டைக் கவனிக்கிறார். அதன் பிறகு அவர் பேசுவது முழுக்கத் தமிழ். இரண்டு வருடத்துக்கு முன் காணாமல் போன அந்த வீட்டு சுந்தரமாகவே மாறிவிடுகிறார். அதுவரை சாய்ந்து உட்கார்ந்திருந்த அப்பா அங்கே நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது நம்ம பக்கத்துக் காடு மாதிரி இருக்கே" என்றார். பழனிப் பக்கம் மஞ்சநாயக்கன்பட்டியில் எடுத்தது என்று பிறகுதான் தெரிந்தது. கடைசி வரை எழுந்திருக்கவில்லை.

இது ஒரு படத்தின் அதிர்ஷ்டமா, இல்லை இப்படித் தேடி எடுக்க ஏதாவது வழி இருக்கிறதா?

தோவாளைச் சங்கு

மலையாளத்துக்கு சப்டைட்டில் எதற்கு? தமிழிலிருந்து பிரிந்த மொழிதானே. நான் நாகர்கோவில் பக்கம், ஒரு எழுத்துகூடப் படிக்காமல் பார்க்கிறேன். ‘பிரேமம்’ சென்னையில் 200 நாளுக்கு மேல் ஓடியதே, அவ்வளவு பேரும் எழுத்தைப் படித்தா பார்த்தார்கள்?

பாதிவசனம்

சங்கு அண்ணே, நீங்கள் எல்லையில் பிறந்தவர், திருவனந்தபுரத்துப் பேச்சு உங்கள் காதில் சின்ன வயதிலிருந்து விழுகிறது. அதே காதோடு ‘தொண்டிமுதலும் த்ருக்சாக்ஷியும்’ (2017) பாருங்கள். கதை நடப்பது காசர்கோட்டில், அந்தக் காவல் நிலையத்துப் பேச்சு கேரளத்தின் தெற்கத்திக்காரர்களுக்கே வேறு மாதிரி இருக்கும்.

நான் எட்டு வருடமாக சப்டைட்டில் எழுதுகிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தெரிந்த மாதிரி ஒலிக்கிற சொல்தான் ஆளை ஏமாற்றும். ‘வெள்ளம்’ என்றால் அங்கே குடிக்கிற தண்ணீர். ‘பட்டி’ என்றால் நாய். ‘பணி கிட்டி’ என்று ஒருவன் சொன்னால் வேலை கிடைத்ததாகவும் இருக்கலாம், வசமாக மாட்டிக்கொண்டான் என்றும் இருக்கலாம், அந்தக் குரலை வைத்துத்தான் தெரியும். முழுக்கப் புரிவதாக நினைத்துப் பார்க்கிற ஆள் இந்த மாதிரி இடங்களில் கதையை வேறு பாதையில் கொண்டுபோய்விடுவார், அது அவருக்கே தெரியாது.

அதே சமயம் எழுத்தை மட்டும் நம்பினாலும் பாதிதான் கிடைக்கும். ஒரு வரிக்குச் சுமார் 42 எழுத்து, இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது, வாசிக்க நேரமும் விடவேண்டும். ஒருவர் மூச்சு விடாமல் பேசினால் நாங்கள் வெட்டித்தான் ஆகவேண்டும். முதலில் போவது விளிச்சொற்கள். சேட்டா, சேச்சி, அளியா எல்லாம் போய்விடும், இல்லாவிட்டால் வெறும் பெயராகிவிடும். யார் யாருக்கு அடங்கிப் பேசுகிறார், யார் உரிமையோடு பேசுகிறார் என்பது அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. அளியா என்றால் மச்சான், நமக்கு அது காதாலேயே பிடிபடும். இங்கிலீஷ் மட்டும் தெரிந்த ஒரு டெல்லிக்காரருக்குக் கிடைக்காத பாதி நமக்குக் கிடைக்கிறது.

உங்கள் அப்பாவுக்கு நடந்ததும் அதுதான். சப்டைட்டிலில் ஜேம்ஸும் சுந்தரமும் ஒரே வெள்ளை எழுத்தில், ஒரே இங்கிலீஷில் பேசுவார்கள். மொழி மாறியது எழுத்தில் தெரியாது. காதுக்குத்தான் தெரியும். அந்தப் படத்துக்கே அதுதான் உயிர்.

ஒட்டன்சத்திரத்துக்காரி

வசனம் சார், அந்த வீட்டுப் பாட்டிக்குக் கண் தெரியாது, டிவி முன்னாலேயே உட்கார்ந்திருப்பார், ஊர் முழுக்கப் பழைய தமிழ்ப் படத்துப் பாட்டும் வசனமும் கேட்டுக்கொண்டே இருக்கும். அதை எழுத்தில் போட்டிருந்தார்களா என்று நான் கவனிக்கவே இல்லை, காதாலேயே கேட்டுக்கொண்டேன். அப்பா கூடவே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

மண்ணச்சநல்லூர்

எனக்கு டப்பிங்தான் வசதி. தமிழில் டப்பிங் செய்த தெலுங்கு ஆக்‌ஷன் படங்களின் பட்டியல் யாராவது போடுங்களேன்.

பாதிவசனம்

நண்பரே, அது வேறு திரிக்கு உரிய கேள்வி. ஆனால் டப்பிங் பேச்சு வந்ததால் ஒன்று. ‘கும்பளங்கி நைட்ஸ்’ படத்தில் சஜியின் வீட்டுக்குக் கைக்குழந்தையோடு வருகிற சதி என்ற பெண் தமிழ்ப் பெண், ஷீலா ராஜ்குமார் நடித்திருக்கிறார். நான்கு ஆண்கள் இருக்கும் அந்த மலையாளி வீட்டில் அவள் வேறு மொழிக்காரி. எல்லோரையும் தமிழில் பேசவைத்தால் அவள் தனித்து நிற்பது காணாமல் போகும்.

பல பேருக்குத் தாங்கள் டப்பிங் பார்ப்பதே தெரிவதில்லை. செயலியில் உங்கள் மொழி தமிழ் என்று கொடுத்திருந்தால், தமிழ் ஒலி இருக்கிற படத்தில் அதுவே தானாக ஓடத் தொடங்கலாம். முதல் நிமிடத்திலேயே ஆடியோ பட்டியலைத் திறந்து மூல மொழியைத் தேர்ந்தெடுங்கள், சப்டைட்டில் தனியாக இருக்கும், அதை அப்புறம் வையுங்கள். இன்னும் சந்தேகமாக இருந்தால் கூட்டத்தின் சத்தத்தைக் கேளுங்கள். டீக்கடையில் ஓரமாகப் பேசுகிறவர்கள் மைக் முன்னால் நின்று பேசுகிற மாதிரி தெளிவாகக் கேட்டால் அது டப்பிங்காக இருக்க வாய்ப்பு அதிகம்.

மாண்டியா மருமகள்

என் கதை கன்னடம். கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் பேசுவது ஒன்றும் புரியாமல் அழுதிருக்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா சொல்லிக்கொடுத்தது, நம் ‘ப’ அங்கே ‘ஹ’. பால் ஹாலு, பத்து ஹத்து, புலி ஹுலி, போ என்பது ஹோகு. இதை வைத்துப் பாதி வண்டி ஓட்டினேன்.

நான் சப்டைட்டிலோடு பார்த்த முதல் படம் ‘திதி’. ராம் ரெட்டி இயக்கியது, லொகார்னோ விழாவில் விருது வாங்கியது. நடித்தவர்கள் நடிகர்களே இல்லை, நோடெகொப்பலு என்ற ஊர்க்காரர்கள். 101 வயது செஞ்சுரி கௌடர் தெருவோரம் உட்கார்ந்து போகிற வருகிறவர்களை எல்லாம் வம்புக்கு இழுத்துவிட்டு, எழுந்து ஓரமாகப் போகும்போது விழுந்து இறந்துவிடுகிறார். பதினோராம் நாள் காரியத்துக்குள் நடப்பதுதான் கதை. மகன் கடப்பா எதற்கும் ஆசைப்படாமல் தாடியோடு சுற்றுகிறார், பேரன் தம்மண்ணாவுக்குக் குடும்ப நிலத்தை விற்கவேண்டும், அதற்காகத் தன் அப்பாவே செத்துவிட்டதாகப் பேப்பர் தயார் செய்கிறான். அதோடு ஊருக்கே கறிச்சோறு போட ஆடு வேண்டும்.

எழுத்து எனக்கு அதிகம் தேவைப்படவில்லை. காரியத்துக்கு யாரைக் கூப்பிடுவது, எத்தனை பேருக்குச் சமைப்பது, கடன் யாரிடம் வாங்குவது, இது எல்லாம் எங்கள் தாத்தா செத்தபோது எங்கள் வீட்டுத் திண்ணையில் ஓடிய பேச்சு. ஆனால் ஒன்று, அந்தப் பக்கத்துக் கிராமப் பேச்சில் அந்த ‘ஹ’கூடச் சில நேரம் உதிர்ந்துவிடும், ‘ஓகு’ என்றுதான் கேட்கும். அந்த இடங்களில் எழுத்துதான் காப்பாற்றியது.

மட்டுவில் மாணவன்

பக்கத்து மொழி எண்டால் எங்களுக்குச் சிங்களம். நீங்கள் கேட்டது அது இல்லை எண்டு விளங்குது, எண்டாலும் சொல்லுறன். பிரசன்ன விதானகேயின்ர ‘புரஹந்த களுவர’ பாருங்கோ, 1997இல் வந்தது. கண் தெரியாத வன்னிஹாமி எண்ட கிழவருக்கு, இராணுவத்துக்குப் போன மகன்ர உடல் எண்டு சொல்லி மூடி முத்திரை வச்ச பெட்டி வருது. மகன் செத்திட்டான் எண்டு அவர் நம்பேல்லை, அரசாங்கம் குடுக்கிற நட்டஈட்டுப் படிவத்தில கையொப்பம் வைக்கமாட்டன் எண்டு நிக்கிறார். பேச்சு மிகக் குறைவு, அதால எழுத்து வாசிக்கிறது பாரமில்லை. என்ர அம்மாவோட இருந்து பாத்தன். எங்கட வீட்டிலயும் ஒருத்தருக்காக இப்பவும் காத்துக்கொண்டிருக்கிறம். அம்மா படம் முடிஞ்சு நெடுநேரம் ஒண்டும் கதைக்கேல்லை.

பாதிவசனம்

தம்பி, இதை இங்கே எழுதியது நல்லது. நான் பார்த்திருக்கிறேன், ஜோ அபேவிக்ரமவின் அந்த முகம் மறக்காது.

எனக்கு இப்போது ஒன்று தோன்றுகிறது. ‘நண்பகல்’ படத்தின் தொடக்கத்தில் லாட்ஜில் ஒரு குறளுக்குப் பொருள் சொல்வார்கள், உறங்குவது போலும் சாக்காடு என்ற குறள். ‘திதி’யும் சாவுதான், தம்பி சொன்னதும் சாவுதான். தெலுங்கில் ‘பலகம்’ (2023) தெலங்கானா கிராமத்துச் சாவு வீடு, வைத்த பிண்டத்தைக் காகம் தொட மறுக்கிறது. காகம் ஏன் எடுக்கவில்லை என்று ஒரு தமிழருக்கு எழுத்துப் போட்டுச் சொல்லவேண்டியதில்லை. அதனால் விருதுப் பட்டியலைவிட, நம் வீட்டிலும் நடக்கிற ஒரு காரியத்தைச் சொல்லும் படமாக எடுங்கள் என்பதுதான் நான் புதியவர்களுக்குச் சொல்வது. சாவு, கல்யாணம், நிலத்தகராறு, எதுவானாலும் சரி.

தோவாளைச் சங்கு

காசர்கோட்டுப் படத்தை நேற்று இரவு எழுத்து இல்லாமல் பார்த்தேன். சங்கிலியை விழுங்கிய திருடனும், பறிகொடுத்தவளின் புருஷனும் ஒரே பெயரைச் சொல்கிறார்களே, பிரசாத் என்று, அது எனக்குப் பிடிபட்டது. போலீஸ்காரர்கள் தங்களுக்குள் பேசுவதில் பாதி போய்விட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுத்து இருந்தால் கண் கீழேயே நிற்கும், ஃபகத் பாசில் கண்ணால் செய்வதைப் பார்க்க முடியாது. அதனால் முதலில் எழுத்தோடு, இரண்டாம் முறை எழுத்தில்லாமல் என்பதுதான் என் முடிவு.

பாதிவசனம்

இரண்டு முறை பார்க்க நேரம் உள்ளவர்களுக்குச் சரி. எனக்கு முதல் முறையே எல்லாம் கிடைக்கவேண்டும், இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை.

ஒட்டன்சத்திரத்துக்காரி

ஞாயிற்றுக்கிழமை ‘திதி’ போட்டோம். தேவைப்பட்ட இடத்தில் மட்டும் நிறுத்தி நான் தமிழில் சொன்னேன், மொத்தமே பதினைந்து முறைதான் இருக்கும். பேப்பர் தயார் செய்கிற இடத்தில் நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அப்பாவே, "உயிரோட இருக்கிறவனுக்கு இறப்புச் சான்றிதழ் வாங்குறான்" என்று அம்மாவுக்குச் சொல்லிவிட்டார். அடுத்து அந்தக் காக்காய்ப் படம் வேண்டுமாம். நான் ஊரில் இல்லாத வாரம் அவர்கள் இரண்டு பேர் மட்டும் பார்க்கவேண்டும், படித்துச் சொல்ல ஆள் இல்லை. தெலுங்கு ஒலி, தமிழ் எழுத்து, இந்த இரண்டும் சேர்ந்து ‘பலகம்’ எங்காவது கிடைக்கிறதா? பார்த்தவர்கள் சொல்லுங்கள்.