சர்ச் ஆப்பரேட்டருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வி.ச. எழுதியது:
குழும அன்பர்களுக்கு வணக்கம். அலுவலகப் பணியாளர்களுக்கான மின்னஞ்சல் பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பழைய மடலைத் தேட ஜிமெயில் பெட்டியில் from:, after: என்றெல்லாம் தட்டுகிறோமே, அவற்றுக்கு மொத்தமாக ஒரு சொல் வேண்டும். வகுப்பில் காட்டப்போவது இது. 2021 மார்ச்சில் தணிக்கையாளர் அனுப்பிய பி.டி.எஃப்.ஐ எடுக்க வேண்டும்:

```
from:auditor@example.com after:2021/03/01 before:2021/04/01 filename:pdf
```

இரா.ந. எழுதியது:
புதிதாக ஏன் ஆக்க வேண்டும்? பள்ளிக் கணினிப் பாடநூலில் ஆப்பரேட்டருக்குச் ‘செயற்குறி’ என்று இருக்கிறது. பிள்ளைகள் படித்துப் பழகிய சொல். ‘தேடல் செயற்குறி’ என்று போட்டுவிடுங்கள்.

பா.கோ. எழுதியது:
இரா.ந. ஐயா மன்னிக்க. கூட்டலும் கழித்தலும் குறி; from குறியா? அது சொல். அதன் வேலையைப் பாருங்கள்: யாரிடமிருந்து வந்தது என்று நீங்கல் பொருள் காட்டுகிறது. அப்படியே ஐந்தாம் வேற்றுமை. to: நான்காவது. after:, before: இரண்டும் ‘பின்’, ‘முன்’ போலக் காலம் காட்டும். இவை எவையும் தனியே நின்றால் பயனில்லை, பக்கத்தில் ஒரு பெயர் வேண்டும். இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியர் சொன்ன இயல்பு அதுதானே! ஆகவே ‘தேடுருபு’. ‘உரு’ என்ற வேரிலிருந்து உருவம், உருபு, உருப்படி எல்லாம் எப்படிக் கிளைத்தன என்று தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

தே.மா. எழுதியது:
ஐயா, உருபு பெயருக்குப் பின்னால் வரும். இது முன்னால் வருகிறது. has:attachment என்பதில் has வினை, அதை எந்த வேற்றுமையில் சேர்ப்பீர்கள்? ஒரு மடலை ஒதுக்க முன்னால் போடும் கழித்தல் குறி, -from:, அது உருபா? என் வாக்கு ‘வடிசொல்’லுக்கு. ஆயிரம் மடலில் வேண்டாததை வடித்துவிடுகிறதே.

வி.ச. எழுதியது:
‘வடி’ என்று போனால் குழப்பம் வரும் அம்மா. ஃபில்டருக்கு ‘வடிகட்டி’ என்று முந்தைய பாடத்திலேயே எழுதிவிட்டேன். அது வரப்போகும் மடல்களைத் தானே பிரித்துப் போடுவது. இது வந்து கிடப்பதைத் தேடுவது.

ச.மு. எழுதியது:
தேடல் பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். மகளின் கல்லூரிக் கட்டண ரசீது 2022 ஏப்ரல் 5 அன்று வந்தது. after:05/04/2022 என்று போட்டால் அந்த ரசீது மட்டும் வரவில்லை. மடல் அழிந்துவிட்டதா?

இரா.ந. எழுதியது:
அழிந்திருக்காது. நாம் நாளை முதலில் எழுதுவோம். ஜிமெயில் அங்கே மாதத்தைப் படிக்கிறது. நீங்கள் கேட்டது மே 4-க்குப் பிறகு வந்த மடல்களை. பிழை என்று அது சொல்லாது, வெறுமனே வேறு மாதத்தில் தேடும். 25/04/2022 என்று இருந்தால் இருபத்தைந்தாம் மாதம் கிடையாது என்று நமக்கே உறைக்கும். 12-க்குள் உள்ள தேதிதான் ஏமாற்றும். ஆண்டை முதலில் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை:

```
after:2022/04/05 before:2022/04/06 has:attachment
```

before: போட்ட நாளை அது சேர்க்காது, அதனால்தான் 6. வி.ச. தம்பி மார்ச் முழுவதும் வேண்டும் என்று ஏப்ரல் 1 போட்டிருப்பதும் அதற்காகத்தான். 31 என்று போட்டிருந்தால் ஆண்டுக் கணக்கு முடியும் அன்று வந்த மடல் விட்டுப்போகும். இதைக் கையேட்டில் கொட்டை எழுத்தில் போடுங்கள். அப்படியும் கிடைக்காவிட்டால் in:anywhere சேர்த்துப் பாருங்கள். வழக்கமான தேடல் ஸ்பேம், குப்பை இரண்டையும் பார்ப்பதில்லை. ஆனால் குப்பையில் போட்டு 30 நாள் ஆகிவிட்டால் அங்கேயும் இருக்காது.

ச.மு. எழுதியது:
கிடைத்துவிட்டது, நன்றி ஐயா. என்னைக் கேட்டால் ‘ஆப்பரேட்டர்’ என்றே விட்டுவிடலாம். எல்லாருக்கும் புரியும்.

தே.மா. எழுதியது:
எங்கள் அலுவலகத்தில் ஆப்பரேட்டர் என்றால் கணினியில் தட்டச்சு செய்யும் பணியாளர். ‘ஆப்பரேட்டரைப் பயன்படுத்தித் தேடவும்’ என்று கையேட்டில் இருந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள்! வடிசொல்லை நான் விட்டுவிடுகிறேன். செயற்குறியில் ‘செயல்’ இல்லாமல் ‘தேடற்குறி’ என்று சுருக்கினால் என்ன?

இரா.ந. எழுதியது:
சரி. ஆனால் ‘தேடல் குறி’ என்று பிரித்தே எழுதுங்கள். ற-கரப் புணர்ச்சியைப் பார்த்தால் புதிதாகக் கற்பவர் தயங்குவார்.

பா.கோ. எழுதியது:
தேடற்குறியோ தேடல் குறியோ, குறி என்பதே தவறு என்கிறேன். அதற்குப் போய்ப் புணர்ச்சியையும் கைவிடுவதா? பொருட்பால் என்றுதானே எழுதுகிறோம், யார் தயங்கினார்கள்?

வி.ச. எழுதியது:
அச்சகத்தார் இரண்டு முறை கேட்டுவிட்டார். புணர்த்தி ‘தேடற்குறி’ என்றே போடுகிறேன். பக்கத்தில் from:, after: அப்படியே ஆங்கில எழுத்தில் இருக்கும், திரையில் தட்டுவது அதுதானே. மார்ச் 31 விஷயத்தைக் கட்டம் கட்டிச் சேர்த்தாயிற்று.

பா.கோ. எழுதியது:
போடுங்கள். filename: எப்படிக் குறியாகும் என்ற கேள்விக்கு இன்னும் ஒருவரும் விடை சொல்லவில்லை. உரு பற்றிய மடல் நாளை வரும்.