அட்டையில் 14 வாரத்துக்கு 13/6-னு இருக்கு, ஆனா 2-வது ஊசியே 11/6-ல்தான் போட்டோம். அடுத்தது எப்போ?

செல்வி, கொழிஞ்சாம்பாறை
பையன் 7/3/2025-ல் பிறந்தான். அட்டை மலையாளத்துல இருக்கு. எனக்குப் பேச வரும், எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். 6 வார ஊசி 23/4 புதன்கிழமை போட்டாச்சு. 10 வார ஊசிக்குப் போக வேண்டிய அன்னைக்குக் காய்ச்சல், அப்புறம் பொள்ளாச்சியில அம்மா வீட்டுல இருந்துட்டேன். நேத்து 11/6-ல்தான் போட்டோம். இப்போ அட்டையைப் பார்த்தா 14 வாரத்துக்கு நேரா 13/6-னு தேதி இருக்கு. அதாவது நாளைக்கு! நேத்துக் கூட்டம் அதிகம், சிஸ்டர் அடுத்த தேதி எழுதலை. 10 வார வரிசையில போலியோ ஊசி ஐபிவி, நிமோனியா ஊசி பிசிவி ரெண்டுமே இல்லை, விட்டுப்போச்சா? மாமியார் "முதல்லருந்து போடணும்"ங்கறாங்க. பயமா இருக்கு.

ரமேஷ், வேலந்தாவளம்
முதல்லருந்து போட வேண்டியதில்லை தங்கச்சி, அது நிச்சயம். 14 வாரம் 13-ல முடியுது, அடுத்த புதன் 18/6. அன்னைக்குப் போயிருங்க, எல்லாம் போட்டுருவாங்க.

தேவகி அக்கா, சித்தூர் (சப் சென்டர்ல 19 வருஷமா இருக்கேன்)
ரமேஷ் தம்பி முதல்ல சொன்னது சரி, 18/6 சரியில்லை. செல்வி, அட்டையை எடுத்து வெச்சுக்கோ. தேதிக்கு ரெண்டு பத்தி இருக்கும். ஒண்ணு 'நல்கேண்ட தீயதி', இன்னொண்ணு 'நல்கிய தீயதி'. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். முதலாவது கொடுக்க வேண்டிய தேதி, பிறந்த நாள்லருந்து கணக்குப் போட்டு முன்னாடியே எழுதி வெச்சது. உன் பையனுக்கு 18/4, 16/5, 13/6-னு இருக்கணும், பாரு. ரெண்டாவதுதான் நிஜமா போட்ட தேதி. ஒரு தவணை தள்ளிப்போயிட்டா முதல் பத்தியை நம்பக்கூடாது. போட்ட தேதியிலருந்து எண்ணணும்.

கக்குவான் உட்பட அஞ்சு நோய்க்கான ஊசிதான் பென்டா. அதுல ரெண்டாவது, பென்டா-2, போட்டது 11/6. பென்டா-3-க்குக் குறைஞ்சது 4 வாரம் வேணும், அதாவது 28 நாள். எண்ணிப் பார், 9/7, அதுவும் புதன்தான். முன்னாடியே போட்டா முந்தின ஊசிக்கு உடம்பு பதில் சொல்லி முடிக்கறதுக்குள்ள அடுத்தது விழும், அந்தத் தவணையைக் கணக்குல எடுக்க முடியாது. இடைவெளி கூடினா முந்தினது வீணாகாது. ஆனா நடுவுல பிள்ளைக்குக் கக்குவான் வந்துட்டா கஷ்டம். அதனால 9-ந்தேதியைத் தள்ளாதே.

ஐபிவியும் பிசிவியும் விட்டுப்போகலை. அந்த ரெண்டும் 6 வாரத்துலயும் 14 வாரத்துலயும், அப்புறம் 9 மாசத்துலயும்தான். 10 வாரத்துல தொடையில ஒரே ஊசி, வாயில சொட்டு மருந்துகள், அவ்வளவுதான். நேத்து எங்கே குத்தினாங்க?

செல்வி
இடது தொடையில மட்டும் அக்கா. சொட்டு மருந்து ரெண்டு விதம் விட்டாங்க.

தேவகி அக்கா
சரியா இருக்கு. இடது தொடை பென்டா. சொட்டு போலியோவும், வயித்துப்போக்குக்கான ரோட்டாவும். 9/7-ல் மூணு ஊசி இருக்கும்: இடது தொடை பென்டா-3, வலது தொடை பிசிவி-2, வலது கையில தோலுக்குள்ள சின்னதா ஐபிவி-2. மூணு இடமும் ஆச்சான்னு பார்த்துட்டு அட்டையில மூணு பெட்டியும் நிரப்பின பிறகு கிளம்பு.

நூர்ஜஹான், மீனாட்சிபுரம்
எனக்கும் ஒரு சந்தேகம். பொண்ணுக்குக் கோயமுத்தூர்ல தனியார் ஆஸ்பத்திரியில 'ஆறு நோய்க்கு ஒரே ஊசி' போட்டாங்க. இங்க சர்க்கார் அட்டையில அதுக்குப் பெட்டியே இல்லையே? போலியோ 0, 1, 2-னு இருக்கு, மூணு தடவை சொட்டு விட்டதுக்கு 2-னு எழுதியிருக்காங்க, தப்பா?

தேவகி அக்கா
போலியோ தப்பில்லை நூர்ஜஹான். பிறந்ததும் விட்டது பூஜ்யம், அது எண்ணிக்கையில சேராது. மூணாவது தடவை விட்டதுதான் 2. அந்த ஆறு-ஒன்று ஊசியில பென்டாவோட ஐபிவியும் கலந்திருக்கும். ரெண்டு அட்டையையும் கொண்டுபோய்க் காட்டி மெடிக்கல் ஆபீசரையே எழுதச் சொல்லுங்க.

ரமேஷ்
ஒரு கேள்வி அக்கா. பிசிவி, ஐபிவி முதல் தவணை 23/4-ல போட்டது. 18/6-க்கு 8 வாரம் ஆகுது. அந்த ரெண்டை மட்டும் 18-ல போடலாமே? என் பையனுக்கு அப்படிப் பிரிச்சுப் போட்டதா ஞாபகம்.

தேவகி அக்கா
8 வாரம் ஆகுது, கணக்கு சரிதான். எங்க சென்டர்ல ஒண்ணா 9/7-லயே போடுவோம், பிள்ளையை ரெண்டு தடவை அழ வைக்க வேண்டாம்னு. சில சிஸ்டர் பிரிச்சும் போடுவாங்க. செல்வி, உன் சிஸ்டர்கிட்டயே கேட்டுக்கோ.

செல்வி
'நல்கிய' பத்தியில 23/4, 11/6-னு ரெண்டு தேதி இருக்கு, இப்பத்தான் புரியுது. 13/6-ஐ அடிக்காம பக்கத்துல பென்சில்ல 9/7-னு எழுதிட்டேன். 18-ஐப் பத்தி ஆஷா அக்காகிட்ட நாளைக்கு போன்ல கேக்கறேன்.