உதவி: அட்டாச் ரேட் போட்டுத்தான் ஸ்டாக் எடுத்தேன், ஒண்ணு தீர்ந்துபோச்சு, ஒண்ணு குவிஞ்சு கிடக்கு

அஸ்தம்பட்டி_கடைக்காரன்
வணக்கம்ங்க. அவசரம். கம்பெனி ஆபீசர் சொன்ன மாதிரி அட்டாச் ரேட், அதாவது விக்கற ஒரு மெஷினுக்கு எத்தனை உதிரி சேந்து போகுதுங்கற கணக்கு போட்டுத்தான் இந்த வருஷம் ஆர்டர் கொடுத்தேன். போன வருஷம் 400 மெஷின், 1,000 ஸ்பன். அப்ப மெஷினுக்கு 2.5. இந்த வருஷம் மார்க்கெட் டல், 300 மெஷின்தான் போகும்னு 750 ஸ்பன் எடுத்தேன். ஜூலை முதல் வாரத்துலயே காலி. ஆனா பவுல் செட் அதே கணக்குல எடுத்தது மாடிப்படி வரைக்கும் அடுக்கிக் கிடக்கு. எங்க தப்பு? சீக்கிரம் சொல்லுங்க, நாளைக்கு ஆர்டர் போடணும்.

தறிவீட்டுப்_பையன்
என்ன மெஷின்ங்க? ஸ்பன்னா நூலா? நம்ம பக்கம் ஸ்பன்னா நூல்தான்.

ஓமலூர்_சர்வீஸ்
தண்ணி ஃபில்டர்ங்க அது. ஆர்ஓ மெஷினுக்கு வெளிய மாட்டுற பவுலுக்குள்ள போடற வெள்ளை உருளை. அண்ணா, கடை ஆரம்பிச்சு எத்தனை வருஷம்? ஒவ்வொரு வருஷமும் எத்தனை மெஷின் போச்சு? அதைச் சொல்லாம யாரும் பதில் சொல்ல முடியாது.

பெரிய_ஆசாமி
வாரம் ஒருத்தர் வந்து இதே கேள்வி. பழைய இழைகளைத் தேடிப் பாக்கற பழக்கம் யாருக்கும் கிடையாது. ஒரு சீசன் விற்பனையை வச்சு வகுத்தல் போட்டா அது கணக்கு இல்ல தம்பி, ஜோசியம்.

மேட்டூர்_மணி
காரணம் சிம்பிள். அணையில புதுத் தண்ணி வந்தா பைப்புல கலங்கலா வருது. எங்க வீட்டுல ஒரே வாரத்துல ஸ்பன் காப்பிப்பொடி நிறத்துக்கு வந்துருச்சு. ஜூலையில தீர்ந்ததுக்கு அதுதான் காரணம். வேற எந்தக் கணக்கும் வேண்டாம், அணை நீர்மட்டத்தைப் பாத்து ஆர்டர் போடுங்க.

ஓமலூர்_சர்வீஸ்
கலங்கல் வந்தா எந்த மாசத்துல கேப்பாங்கங்கறது மாறும், சரி. வருஷம் முழுக்க ரெண்டு மடங்கு தேவை எப்படி வந்துச்சுங்கறதுக்கு அது பதில் ஆகாதுங்க.

அஸ்தம்பட்டி_கடைக்காரன்
ஸாரி, தண்ணி ஃபில்டர் டீலர்தான். கடை இது நாலாவது வருஷம். முதல் வருஷம் 300, அடுத்தது 350, போன வருஷம் 400. இந்த வருஷம் இதுவரை 190.

ஓமலூர்_சர்வீஸ்
இப்ப விஷயம் தெரியுது. பவுல் செட்டும் ஸ்பன்னும் ஒரே ஜாதி இல்லண்ணா. பவுல் செட் மெஷின் பில்லோட போறது, அதுக்குத்தான் அட்டாச் ரேட் பொருந்தும். ஸ்பன்னை இந்த வருஷம் மெஷின் வாங்கினவர் மட்டுமா கேக்கறார்? மூணு வருஷத்துக்கு முன்னாடி வாங்கினவரும்தான் வர்றார். அதனால ஸ்பன்னை வகுக்க வேண்டியது இந்த வருஷ விற்பனையால இல்ல, ஊருக்குள்ள மாட்டியிருக்கற மொத்த மெஷினால.

போன வருஷம் ஆரம்பத்துல உங்க மெஷின் 650 ஓடுது, கடைசியில 1,050. நடுவுல 850ன்னு வச்சுக்கங்க. 1,000 ஸ்பன்னை 850ஆல வகுத்தா மெஷினுக்குச் சுமார் 1.2. இந்த வருஷம் ஆரம்பம் 1,050, முடியறப்ப 1,350, நடு 1,200. 1.2ஆல பெருக்கினா 1,440. நீங்க எடுத்தது 750, அதான் பாதி வருஷத்துல முடிஞ்சது. மெஷின் விற்பனை குறைஞ்சாலும் ஸ்பன் ஏறிக்கிட்டேதான் இருக்கும். மெஷினும் ஸ்பன்னும் ஒரே வேகத்துல வளர்ற வரைக்கும் 2.5 சரியா இருக்கற மாதிரி தெரியும், விற்பனை இறங்கற வருஷம்தான் காலை வாரும்.

பெரிய_ஆசாமி
நாலு மாசத்துக்கு ஒரு ஸ்பன்னுன்னா வருஷத்துக்கு மூணு. 850க்கு 2,550 வரணுமே? 1.2 எங்க இருந்து வந்துச்சு? அடிப்படையே ஆட்டம் காணுது.

ஓமலூர்_சர்வீஸ்
மாத்தச் சொல்றது மூணுங்க, மாத்தறது யாரு? பாதி வீட்டுல தண்ணி நூல் மாதிரி வர்ற வரைக்கும் கையே வைக்க மாட்டாங்க. மாத்தறவங்கள்லயும் பலர் தெரு மெக்கானிக்கிட்ட போவாங்க. வீடு மாறிப் போனவங்க, மெஷினைக் கழட்டினவங்களும் அந்த 850க்குள்ள இருக்காங்க. இத்தனையும் கழிஞ்சு உங்க கல்லாவுக்கு வர்றதுதான் 1.2. மெஷின் பழசாக ஆக இது மெல்ல இறங்கும், அதனால 1,440ஐ அப்படியே நம்பி மீதி 700ஐயும் ஒரேயடியா எடுக்காதீங்க. 350 எடுங்க, செப்டம்பர்ல பாத்துட்டு அடுத்தது.

மலைமேல்_விடுதி
ஏற்காட்டுல சின்ன விடுதி வச்சிருக்கேன். மே மாசம் மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம், எங்களுக்கு ஊற்றுத் தண்ணி. நான் வருஷத்துக்கு எத்தனை ஸ்பன் வாங்கணும்?

தறிவீட்டுப்_பையன்
காவேரித் தண்ணிக்கு ஆர்ஓவே எதுக்குங்க? அம்மாபேட்டையில எங்க அம்மா துணியில வடிகட்டித்தான் குடிச்சாங்க. தண்ணியில கரைஞ்ச உப்பு அளவு, அந்த டிடிஎஸ், 500க்குக் கீழ இருந்தா ஆர்ஓ வேண்டாம்னுதானே சொல்றாங்க?

மேட்டூர்_மணி
அப்படின்னா போர் தண்ணி குடிக்கறவங்க என்ன பண்ணுவாங்க? செட்டிச்சாவடிப் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கம் இருக்கற பூமி. பாத்திரத்துல உப்புப் படியறதைப் பாத்திருக்கீங்களா?

தறிவீட்டுப்_பையன்
நான் காவேரியைப் பத்திப் பேசறேன், நீங்க போருக்குப் போறீங்க. ஆர்ஓல பெரும்பாலும் பாதிக்கு மேல தண்ணி சாக்கடைக்குப் போகுது, அதைச் சொல்லுங்க முதல்ல.

பெரிய_ஆசாமி
ரெண்டு பேரும் தனி இழை திறந்துக்கங்க.

அஸ்தம்பட்டி_கடைக்காரன்
ஸ்பன் புரிஞ்சுது. பவுல் செட் ஏன் கிடக்கு? போன வருஷம் 280 போச்சு, 400க்கு 70 சதவீதம். இந்த வருஷம் 300க்கு 210 எடுத்தேன். ஆறு மாசத்துல 60கூட போகல.

ஓமலூர்_சர்வீஸ்
அந்த 280ல மெஷின் பில்லோடயே போனது எத்தனை? கவுன்டர்ல மெக்கானிக்குங்க தனியா வாங்கிட்டுப் போனது எத்தனை? ரெண்டையும் சேத்துட்டா அது அட்டாச் ரேட் இல்ல. ரெண்டாவது, இப்ப விக்கற மாடல்ல ப்ரீ ஃபில்டர், அதாவது அந்த பவுல் செட், பெட்டியோடயே வருதா?

அஸ்தம்பட்டி_கடைக்காரன்
பில்லைப் புரட்டிப் பாத்தேன். மெஷின் பில்லோட 200தான், மீதி 80 மெக்கானிக். புது மாடல்ல பெட்டிக்குள்ளயே வருது. இந்த வருஷ 190ல 110 அந்த மாடல்.

ஓமலூர்_சர்வீஸ்
அப்ப பழைய மாடல் 80க்குத்தான் பவுல் செட் கேக்க முடியும். 400க்கு 200ன்னா பாதி, அதாவது 40. மெக்கானிக் வாங்கறதும் இந்த வருஷம் குறைஞ்சிருந்தா மொத்தம் 60கிட்ட நிக்கறதுல ஆச்சரியமில்ல. ரேட் போடறப்ப மாடல் வாரியாப் போடுங்க, மொத்தமா வேண்டாம். மெஷினுக்குள்ள உப்பைப் பிரிக்கற மெம்பரேனுக்கும் ஒரு வார்த்தை: அது முதல் வருஷம் பெரும்பாலும் கேக்க மாட்டாங்க, போர் தண்ணியா இருந்தா ரெண்டாவது வருஷத்துல தட்டும். போன சம்மர்ல போன மெஷினுங்க அடுத்த சம்மர்ல மெம்பரேன் கேட்டு வரும்.

அப்புறம், ஜூலையில இருந்து ஸ்பன் இல்லாத நாள்ல விற்பனை பூஜ்யம்னுதான் கம்ப்யூட்டர் காட்டும். அதையும் சேத்து அடுத்த வருஷ ரேட் போட்டா மறுபடியும் குறையும். கல்லாப்பெட்டி பக்கத்துல ஒரு நோட்டு வச்சு, இல்லன்னு திருப்பி அனுப்பினவங்களைக் கோடு போட்டு வைங்க.

மேட்டூர்_மணி
நான் இன்னும் கலங்கல்னுதான் சொல்றேன். காவேரி வீடு, போர் வீடுன்னு தனித்தனியாப் பிரிச்சா 1.2 வேற மாதிரி வரும்.

ஓமலூர்_சர்வீஸ்
அது வரும்ங்க, மறுக்கல. ஆனா எந்த வீட்டுல எந்தத் தண்ணின்னு பில்லுல இருக்கா? சர்வீஸ் கார்டுல எழுதியிருந்தா பிரிக்கலாம்.

அஸ்தம்பட்டி_கடைக்காரன்
கார்டுல இல்ல. 350 ஆர்டர் போட்டாச்சு. பவுல் செட்டைத் திருப்பி எடுப்பாங்களான்னு ஆபீசர்கிட்ட கேட்டிருக்கேன், போனை எடுக்கல. நன்றிங்க.

மலைமேல்_விடுதி
என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே?

பெரிய_ஆசாமி
எத்தனை ரூம், எத்தனை மெஷின்னு நீங்களும் சொல்லலையே.