சந்தேகத்தின் பலனில் விடுதலை: புகார் கொடுத்தவர் மேல் வழக்கு போடலாமா?

முதுநகர்: மோட்டாரைத் திருடியதாகப் பக்கத்துக் கொல்லைக்காரர் எங்க அண்ணன் மேல் புகார் கொடுத்தார். கடலூர் கோர்ட்டில் மூணு வருஷம் இழுத்து, போன மாசம் சந்தேகத்தின் பலனில் விடுதலை. அவர் மேல் 5 லட்சம் நஷ்டஈடு கேட்டால் ஜெயிக்குமா?

முந்திரிக்காடு: தாராளமா போடுங்க. தீர்ப்பு நகல் ஒண்ணே போதும். 1 வருஷத்துக்குள்ள போடணும், அவ்வளவுதான்.

கெடிலம்: 1 வருடக் கெடு சரி. நகல் போதும் என்பதுதான் தப்பு. வழக்கு அண்ணன் பக்கம் முடிந்தது என்பதற்கு மட்டுமே அது சான்று. மாஜிஸ்திரேட் எழுதிய காரணங்கள் சிவில் கோர்ட்டைக் கட்டாது. புகார் கொடுத்த அன்று கொல்லைக்காரர் கையில் என்ன இருந்தது, அதை உண்மையிலேயே நம்பினாரா என்று இங்கே புதிதாகச் சாட்சி வைக்கணும். அந்தப் பாரமும் அண்ணன் தலையில்தான்.

மோட்டார் காணாமல் போனது நிஜம், அண்ணன் அந்தப் பக்கம் போனதாக ஒருவர் சொல்லியிருக்கிறார் என்றால், சந்தேகம் தப்பாகவே இருந்தாலும் காரணம் இருந்தது, வழக்கு தோற்கும். வரப்புத் தகராறைக் காட்டிப் பகையை நிரூபித்தாலும் ஆகாது. பகையும் வேணும், காரணம் இல்லாமையும் வேணும். ஆனால் "கழற்றியதை என் கண்ணால் பார்த்தேன்" என்று எழுதியிருந்தால் பேச்சே வேறு. பார்த்தேன் என்றவர், நம்பி ஏமாந்தேன் என்று சொல்ல முடியாது.

சில்வர்பீச்: என்னையும் ஸ்டேஷன்ல நாள் பூரா உட்கார வச்சு, சி.எஸ்.ஆர். மட்டும் போட்டு அனுப்பினாங்க. நானும் போடலாமா?

கெடிலம்: அது இதில் வராது. விஷயம் கோர்ட்டுக்கே போகலையே.

முந்திரிக்காடு: சரி சார், சார்ஜ்ஷீட் போட்டது போலீஸ், நான் இல்லைன்னு அவர் நழுவிட்டா?

கெடிலம்: அதைத்தான் முதலில் சொல்வார். தெரிந்ததைச் சொல்லிவிட்டு ஒதுங்கியவர் தப்பித்துவிடுவார். பொய் என்று தெரிந்தே கொடுத்தாரா, ஆள் பிடித்துச் சாட்சி சொல்ல வைத்தாரா, புகாருக்கு முன்னும் பின்னும் எப்படி நடந்தார் என்று பார்க்கணும் என்பது 1908-லேயே கயா பிரசாத் வழக்கில் பிரிவி கவுன்சில் சொன்னது.

வில்லியனூர்: அரசு அப்பீல் போனால், அது முடிந்த பிறகுதானே 1 வருஷம் ஓடும்?

கெடிலம்: லிமிடேஷன் சட்டத்தில் விடுதலையான நாள் என்றுதான் இருக்கிறது. நான் அதிலிருந்தே எண்ணுவேன்.

வில்லியனூர்: அப்பீலில் தண்டனை ஆகிவிட்டால், கட்டிய கோர்ட் ஃபீஸ் போச்சே. 3 சதவீதம்னா 15,000 ரூபாய். எனக்கு இது ஒப்பவில்லை.

முதுநகர்: எஃப்.ஐ.ஆரைப் பார்த்தேன். "என் வேலையாள் பார்த்ததாகச் சொன்னார்" என்று இருக்கிறது.

கெடிலம்: அப்படியென்றால் எல்லாம் அந்த வேலையாளிடம் இருக்கிறது. குறுக்கு விசாரணையில் என்ன சொன்னார் என்று சாட்சிய நகல் எடுங்க. "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்றிருந்தால், அவரை இங்கேயும் கூண்டேற்றிச் சொல்ல வைக்கணும். இன்னும் அதே கொல்லையில்தான் வேலை செய்கிறாரா?